இந்தக் கோபம் யார் மேல்?

என் தம்பி மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறான். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு என்று சுற்றிக்கொண்டே இருக்கும். இரவு வாரத்தில் பத்து மணிக்கு உள்ளே போனால் காலை ஆறு மணிக்குத்தான் வெளியே வருவான். அவனும் அம்மாவும் கொருக்குப்பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். நான் கல்யாணமாகித் தண்டையார்பேட்டைக்கு வந்துவிட்டேன். ஒரு பள்ளியில் மாணவர் ஆலோசகராக வேலை. உளவியல் படித்தவள் என்பதால் வீட்டுச் சண்டைகள் எல்லாம் கடைசியில் என்னிடம் வந்து நிற்கும்.

இதை அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். "எழுதுக்கா, எங்க ஷிஃப்ட்டுல நெறைய பேருக்கு இதே கதைதான்" என்றான்.

ஒரு நாள் காலை எட்டு மணிக்கு போன் செய்தான். "அக்கா, இந்த வீட்ல இனிமே என்னால இருக்க முடியாதுக்கா. நான் தூங்கப் போற நேரம் பாத்துதான் அம்மா மிக்ஸி போடுறாங்க. வேணும்னே பண்றாங்க. தனியா ரூம் பாக்கப் போறேன்." குரலில் அவ்வளவு உறுதி. அம்மாவிடம் பேசினால், அவர் எப்போதும் போடுகிற நேரத்தில்தான் சட்னி அரைத்திருக்கிறார். நான் சமாதானம் சொன்னேன், அடுத்த வாரம் அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சரி, முடிந்தது என்று நினைத்தோம். அப்புறம் ஒரு மாதம் போல ஆனதும் இன்னொரு போன். இந்த முறை சூப்பர்வைசர். "வேலைய விட்டுர்றேன்க்கா, அந்தாளு மூஞ்சியவே பாக்க முடியல." அதற்கடுத்து, சின்ன வயதிலிருந்து ஆடும் கேரம் கிளப்பில் நண்பன் ஒருவனோடு கைகலப்பு வரை போய்விட்டது. ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் காரணம் இருந்தது. அந்தந்த நேரத்தில் அந்தக் காரணம் முழு உண்மையாகவும் தெரிந்தது.

கேலண்டரைப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. எல்லா போனும் இரவு ஷிஃப்ட் வாரத்தில் வந்தவை. அதிலும் வாரத்தின் நடுப்பகுதியில், இரண்டு மூன்று இரவுகள் கழிந்த பிறகு.

இங்கே மூன்று விஷயங்களைப் பிரித்துச் சொல்ல வேண்டும். பேச்சில் இந்தச் சொற்களை மாற்றி மாற்றிப் போடுகிறோம், அதில் தப்பில்லை. இந்தக் கட்டுரைக்குள் மட்டும் நான் எதை எப்படிச் சொல்கிறேன் என்று தெரிந்தால் போதும்.

உணர்ச்சி என்று நான் சொல்வது, குறிப்பிட்ட ஒன்று நடந்ததற்கு உடம்பும் மனசும் சேர்ந்து காட்டும் பதில். லாரி தண்ணி பிடிக்கிற வரிசையில் உங்கள் குடத்தை ஒருவர் காலால் நகர்த்திவிட்டுத் தன் குடத்தை வைக்கிறார். சுருக்கென்று முகம் சூடாகிறது, கை இறுகுகிறது, வாய் திறக்கிறது. "இவர் என்னை மதிக்கவில்லை" என்று மனசு ஒரு நொடியில் கணக்குப் போட்டதன் விளைவு அது. யார் மேல், எதற்காக என்று கேட்டால் உடனே விரல் நீட்டிக் காட்ட முடியும். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களையும் சேர்த்தே சொல்கிறது. அச்சம் என்றால் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. வெகுளி என்றால் உறுப்பை அறுத்தல், குடியை நலித்தல், அலைத்தல், கொலை. பிறக்கும் இடம் இல்லாமல் ஒரு மெய்ப்பாடு அங்கே கிடையாது. இன்றைய உளவியலும் உணர்ச்சிக்கு ஒரு பொருள் உண்டு, அது எதையோ பற்றியது என்றுதான் சொல்கிறது.

மனநிலை, அதாவது நாம் மூட் என்று சொல்வது, வேறு வகை. அதற்குக் காரணம் உண்டு, ஆனால் அது எதையும் பற்றியதாக இருப்பதில்லை. தூக்கக் குறைவு, பசி, காய்ச்சல் வரப்போகிற அலுப்பு, மாதவிலக்குக்கு முந்தைய நாட்கள், வெயில், நேற்றைய சண்டையின் மிச்சம் எல்லாம் சேர்ந்து ஒரு நிறத்தைப் பூசிவிடுகிறது. அது சில மணி நேரம் இருக்கலாம், சில நாட்களும் இருக்கலாம். உணர்ச்சி அளவுக்குத் தீவிரமாக இருக்காது. அதனால் அது இருப்பதே தெரியாது. தெரிவதெல்லாம் எதிரில் இருக்கிற ஆளின் குறைதான்.

உணர்வு என்பது மூன்றாவது. உணர்ச்சியோ மூடோ உடம்பில் ஓடுவதை நாம் உள்ளே அறிகிற அறிவு அது. போர்ச்சுகலில் பிறந்த நரம்பியல் ஆய்வாளர் அந்தோனியோ டமாசியோ உணர்ச்சியை உடம்பில் நடப்பதாகவும், உணர்வை அதை மனம் உணர்ந்துகொள்வதாகவும் பிரித்து எழுதியவர். இந்தப் பிரிவால் ஒரு முக்கியமான சாத்தியம் தெளிவாகிறது. உடம்பில் உணர்ச்சி ஓடிக்கொண்டிருக்கும், நமக்கு அது தெரியாமல் இருக்கலாம். தெரிந்தாலும் வேறு பெயரில் தெரியலாம். தம்பி விஷயத்தில் இது எப்படி வந்தது என்று பின்னால் சொல்கிறேன்.

எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை மட்டும் வைத்து உணர்ச்சியையும் மூடையும் பிரித்துவிட முடியாது. முகபாவங்களை ஆராய்ந்த பால் எக்மன் போன்றவர்கள், உணர்ச்சி நொடிகளிலோ நிமிடங்களிலோ முடிந்துவிடும் என்றார்கள். பெல்ஜியத்தில் பள்ளி மாணவர்களிடம் 27 வகை உணர்ச்சிகளைப் பற்றிக் கேட்டு 2015-இல் வெளியான ஆய்வில், சோகம்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் நீடித்தது. நாட்கணக்கிலும் போனது. அதற்கு அவர்கள் காட்டிய காரணம் இரண்டு. நடந்த விஷயம் வாழ்க்கையில் பெரியதாக இருக்க வேண்டும், அதை மனசு திரும்பத் திரும்ப அசைபோட வேண்டும். ஆகவே ஒரு சாவுக்கான துக்கம் வாரக்கணக்கில் இருந்தாலும் அது உணர்ச்சிதான், அதற்கு ஒரு ஆள் இருக்கிறார். நேரத்தை ஒரு துப்பாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நம்பத்தக்க அடையாளம், "எதைப் பற்றி" என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதில் நிலைத்து நிற்கிறதா என்பதுதான்.

தம்பியின் பதில் நிலைத்து நிற்கவில்லை. மிக்ஸி, சூப்பர்வைசர், கேரம் நண்பன், கோயில் ஸ்பீக்கர், பக்கத்து வீட்டு பைக் என்று மாறிக்கொண்டே போனது. பொருளில்லாத மூட், கையில் கிடைத்ததைத் தன் பொருளாக எடுத்துக்கொள்கிறது. உளவியலில் இதைத் தவறான காரணம் கற்பித்தல் என்பார்கள். 1983-இல் நார்பர்ட் ஷ்வார்ஸ், ஜெரால்ட் குளோர் என்ற இரண்டு பேர் வெளியிட்ட ஆய்வு இதில் பேர்போனது. வெயில் அடிக்கிற நாளிலும் மழை நாளிலும் ஆட்களுக்கு போன் செய்து, உங்கள் வாழ்க்கை எவ்வளவு திருப்தியாக இருக்கிறது என்று கேட்டார்கள். மழை நாளில் பதில் குறைவாக வந்தது. ஆனால் "உங்க ஊர்ல வானிலை எப்படி?" என்று முதலில் பேச்சுவாக்கில் விசாரித்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டால் அந்த வித்தியாசம் போய்விட்டது. மந்தமாக இருப்பதற்குக் காரணம் மழை என்று தெரிந்ததும், அவர்கள் அதை வாழ்க்கையின் கணக்கில் எழுதவில்லை. பின்னாளில் பெரிய அளவில் செய்து பார்த்தவர்களுக்கு வானிலையின் பாதிப்பு இப்படித் தெளிவாகக் கிடைக்கவில்லை. ஆகவே மழைக்கும் வாழ்க்கைத் திருப்திக்கும் முடிச்சுப் போட நான் இதைச் சொல்லவில்லை. அந்தக் கேள்வியின் வரிசைதான் எனக்குப் பிடித்தது. பெரிய கேள்விக்கு முன்னால் சின்னக் கேள்வி.

தம்பியிடம் அதைத்தான் ஆரம்பித்தேன். "வேலைய விட்டுர்றேன்" என்று போன் வந்தால், "சூப்பர்வைசர் என்னடா பண்ணார்?" என்று கேட்பதற்கு முன்னால், "நேத்து எத்தன மணி நேரம்டா தூங்குன?" என்று கேட்பேன். முதலில் அவனுக்கு எரிச்சல்தான். "நான் இன்னா சொல்றேன், நீ இன்னா கேக்குற?" என்றான். பதில் சொல்லும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. மூன்று மணி நேரம். நடுவில் இரண்டு தடவை எழுந்திருக்கிறான்.

கொருக்குப்பேட்டையில் பகலில் தூங்குவது லேசான காரியமில்லை. சரக்கு ரயில் ஹாரன், ரயில்வே கேட்டில் நிற்கிற வண்டிகள், தண்ணி லாரி வந்தால் குடம் தூக்கிக்கொண்டு ஓடும் சத்தம், மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. இவையெல்லாம் இல்லாத வீட்டிலும் பகல் தூக்கம் இரவுத் தூக்கத்தை ஈடுகட்டாது. உடம்பின் உள்கடிகாரம் பகலில் விழித்திருக்கச் சொல்கிறது, அதனால் அலுப்பு இருந்தும் தூக்கம் பாதியில் கலைந்துவிடும். அந்தக் குறை ஒவ்வொரு நாளும் கூடிக்கொண்டே வரும். வாரத்தின் நடுவில் சண்டை வெடிப்பதற்கு இந்தச் சேர்மானம்தான் காரணம். 2007-இல் மாத்யூ வாக்கரின் குழு வெளியிட்ட மூளைப் படப் பரிசோதனையில், ஒரு இரவு தூங்காதவர்கள் மனசைக் கஷ்டப்படுத்தும் படங்களைப் பார்த்தபோது அவர்களது மூளையில் பயம், கோபம் மாதிரியான உணர்ச்சிகளில் பங்குள்ள அமிக்டலா என்ற பகுதி, நன்றாகத் தூங்கியவர்களைவிடச் சுமார் 60 சதவீதம் அதிகமாக எதிர்வினை காட்டியது. அதோடு அதை அடக்கி வைக்கும், நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியோடு இருந்த தொடர்பும் தளர்ந்திருந்தது. மூட் என்பது சின்னச் சம்பவத்துக்கும் பெரிய உணர்ச்சியைக் கிளப்பிவிடுகிற தயார்நிலை என்று இதை நான் புரிந்துகொள்கிறேன். மிக்ஸி சத்தத்தால் வந்த எரிச்சல் உண்மையான உணர்ச்சிதான். அதன் அளவுதான் மிக்ஸிக்குச் சொந்தமில்லை.

அடுத்து ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தேன். அவன் எழுத வேண்டியது கொஞ்சம்தான். கடுப்பு வந்த நேரம், அதற்குச் சற்று முன்னால் நடந்தது, யார் மேல், உடம்பில் எங்கே, அன்று எந்த ஷிஃப்ட், எவ்வளவு தூக்கம். கீழே ஒரு வரி இடம் விடச் சொன்னேன். நன்றாகத் தூங்கிச் சாப்பிட்ட பிறகு அதே விஷயத்தைப் படித்துப் பார்த்து, இன்னும் இருக்கிறதா இல்லையா என்று அந்த வரியில் எழுத வேண்டும். அந்தக் கடைசி வரிதான் முக்கியம். மற்றதையெல்லாம் ஞாபகத்திலிருந்தே சொல்லிவிடலாம், அந்த ஒன்றை மட்டும் அந்தந்த நேரத்தில் எழுதாமல் கண்டுபிடிக்க முடியாது. மூட் கலைந்த பிறகு, அது வந்ததே மறந்துபோகும். இல்லையென்றால், அப்போது நினைத்தது சரி என்று ஒரு நியாயம் மனசில் தங்கிவிடும்.

சில வாரங்கள் எழுதினான். எல்லா நாளும் எழுதவில்லை, இரவு வாரத்தில் பாதி நாள் காலி. இருந்தாலும் போதுமானது கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பேரும் படித்தோம்.

பெரும்பாலான வரிகள் இரவு வாரத்தவை. "அம்மா டீ ஆறிப்போச்சு", "பைக் ஹாரன்", "சூப்பர்வைசர் பேர் சொல்லிக் கூப்புடல". உடம்பில் எங்கே என்ற இடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி எழுதியிருந்தான். கண் எரிச்சல், தலை பாரம், தோள். கீழ் வரியில் "இல்ல", "இல்ல", "இதுக்கா கத்துனேன்". இவை மூட் கிளப்பிவிட்டவை. பொருள் மாறிக்கொண்டே இருந்தாலும் உடம்பு மட்டும் ஒரே கதையைச் சொன்னது, தூங்கி எழுந்ததும் காணாமலும் போனது.

ஆனால் வேறு மாதிரி சில வரிகளும் இருந்தன. அவை காலை ஷிஃப்ட் வாரத்திலும் வந்திருந்தன. ஏழு மணி நேரம் தூங்கிய நாளிலும் வந்திருந்தன. "அண்ணன் போன்." அதற்கு மேல் ஒன்றும் இல்லை. யார் மேல் என்ற இடத்தில் "யார் மேலயும் இல்ல". உடம்பில், "வயிறு இறுக்கம்". கீழ் வரியில் ஒவ்வொரு தடவையும் "இருக்கு".

எனக்கு இதுதான் அந்த நோட்டிலேயே பெரிய கண்டுபிடிப்பு. எல்லாமே நைட் ஷிஃப்ட் மூட் என்று முடிவு கட்டியிருந்தால் இது அதற்குள் மூழ்கிப்போயிருக்கும். அப்பா இறந்த பிறகு, வாடகையிலும் அம்மாவின் சர்க்கரை மாத்திரைச் செலவிலும் பாதியை அண்ணன் தருவதாகப் பேச்சு. அண்ணன் அம்பத்தூரில் குடும்பத்தோடு இருக்கிறான். கொஞ்ச நாள் தந்தான், அப்புறம் நின்றுவிட்டது. தம்பி அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அண்ணன் போன் செய்தால் "நல்லா இருக்கோம்ண்ணா" என்று வைத்துவிடுவான்.

அம்மாவிடம் விசாரித்தேன். "போன வச்சதும் பல்ல கடிப்பான்டி, கன்னத்துல தெரியும். அப்பறம் எழுந்து வெளிய போயிருவான்" என்றார். உணர்ச்சி இருக்கிறது, அதை உணரவில்லை என்று முன்னால் சொன்னேனே, அது இதுதான். தாடையும் வயிறும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. பக்கத்தில் இருக்கிற அம்மாவுக்குத் தெரிகிறது. அவனைக் கேட்டால் "ஒன்னும் இல்லக்கா, சும்மா பேஜாரா கீது" என்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. உள்ளிருந்து அவனுக்குக் கிடைத்த சேதி அவ்வளவுதான். அண்ணன் மேல் கோபப்படக் கூடாது என்று வளர்ந்தவனுக்கு அந்தக் கோபம் கோபமாகத் தெரிய வழியில்லை, அலுப்பாகத்தான் தெரிந்தது.

கொஞ்சம் பேசியதும் இன்னொரு அடுக்கும் வந்தது. "அண்ணன் மேல கோவமாடா?" என்றேன். யோசித்துவிட்டு, "கோவம்னு இல்லக்கா. அவன் போன்ல பிள்ளைங்க ஸ்கூல் பத்தி, வண்டி வாங்குனது பத்தி சொல்றான். நீ எப்படிடா சமாளிக்கிறேன்னு ஒரு வார்த்த கேக்கல" என்றான். சொல்லும்போது குரல் கம்மியது. அது மனவருத்தம், தன்னைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்ற வலி. பணம் அதில் பாதிதான். இந்த வித்தியாசம் ஏன் வேண்டும் என்றால், கோபத்துக்குப் பணம் கிடைத்தால் போதும் என்று தோன்றும். இந்த வலிக்குப் பணம் மட்டும் வந்திருந்தால் வயிற்று இறுக்கம் அப்படியே இருந்திருக்கும்.

இந்தத் தேடலுக்கு நான் ஒரு கேள்வியைத் துணைக்கு வைத்துக்கொள்கிறேன். பள்ளியில் பிள்ளைகளிடமும் கேட்பேன். "இப்ப இந்த விஷயம் நீ நெனச்ச மாதிரியே சரியாயிடுச்சுன்னு வச்சுக்கோ. உடம்பு லேசாகுதா?" பதிலை வாயில் தேடக் கூடாது, உடம்பில் தேட வேண்டும். கண்ணை மூடி அந்த நிலைமையைக் கற்பனை செய்ய ஒரு நிமிடம் தருவேன். உணர்ச்சி என்றால் மூச்சு இறங்கும், தோள் தளரும். மூட் என்றால் "சரி, அது போச்சு, ஆனா..." என்று அடுத்த குறை வரும். தம்பியிடம் இரவு வாரத்தில் கேட்டேன். அம்மா இனிமேல் மிக்ஸியே போட மாட்டார் என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். "அப்பவும் அந்த பைக் இருக்கே" என்றான். அண்ணன் "எப்படிடா சமாளிக்கிற?" என்று கேட்டதாக வைத்துக்கொள்ளச் சொன்னபோது அவன் பேசவே இல்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

இந்தக் கேள்விக்கும் எல்லை உண்டு. ரொம்பக் களைத்திருக்கும்போது எதைக் கற்பனை செய்தாலும் உடம்பு அசையாது. அப்போது கிடைக்கும் பதிலை நம்ப வேண்டாம், தூங்கிய பிறகு இன்னொரு தடவை கேட்க வேண்டும்.

மூட் என்று தெரிந்த பகுதிக்கு நாங்கள் செய்ததெல்லாம் சாதாரண ஏற்பாடுகள். இரவு வாரத்தில் அவன் காலையில் வந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து பின்னறையில் தூங்குவான், நாங்கள் எல்லோரும் வேலைக்கும் ஸ்கூலுக்கும் போய்விடுவதால் சத்தமில்லை. ஜன்னலுக்குக் கனமான கறுப்புத் துணி. வெறும் வயிற்றில் படுக்காமல் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் படுக்க வேண்டும். வாடகை, கல்யாணப் பேச்சு, வேலையை விடுவது மாதிரியான பெரிய விஷயம் எதையும் அந்த வாரத்தில் முடிவு செய்வதில்லை. தோன்றுவதை எழுதி வைக்கலாம், முடிவை அடுத்த வாரத்துக்குத் தள்ள வேண்டும். எழுதி வைப்பதை நான் வற்புறுத்தினேன். தள்ளிப்போடச் சொன்னது முடிவை மட்டும்தான், குறையை இல்லை. எரிச்சல் நின்றுவிட்டதா என்றால் இல்லை. இரவு வாரம் வந்தால் இன்னமும் வருகிறது. "அக்கா, இன்னிக்கு யார் மேலயாவது வுழும், யாரும் பேசாதீங்க" என்று அவனே வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிடுகிறான்.

அந்த வரியை அவன் சொல்வதுதான் முறை. மற்றவர்கள் அவனுக்குச் சொல்லக் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் என் பள்ளியில் பார்த்த ஒரு பெண். பத்தாம் வகுப்பு. வீட்டில் அவள் எதைக் கேட்டாலும் "இவளுக்கு அந்த நாள் வந்தாலே இப்படித்தான், மூட் சரியில்ல" என்று சொல்லிவிடுவார்களாம். அவள் கேட்டது, பரீட்சை நேரத்தில் தண்ணி பிடிக்கவும் பாத்திரம் கழுவவும் தம்பியும் வர வேண்டும் என்பது. அந்த நாட்களில் அவளுக்குப் பொறுமை குறைந்தது உண்மையாகவே இருக்கலாம். அதனால் அவள் கேட்டது பொய்யாகிவிடாது. மற்ற நாட்களில் விழுங்கிக்கொண்டதை அந்த நாட்களில் விழுங்க முடியவில்லை, அவ்வளவுதான். மூட் சில நேரம் இல்லாத பொருளைப் பிடித்துக்கொள்கிறது, சில நேரம் இருக்கிற பொருளின் மேலிருந்த மூடியை எடுத்துவிடுகிறது. எது என்று அந்த நேரத்தில் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. அவளையே எழுதச் சொன்னேன். நல்ல நாட்களிலும் கீழ் வரியில் "இருக்கு" என்றுதான் வந்தது. அந்தத் தாளோடு அவள் அம்மாவை அழைத்துப் பேசினோம். சண்டை நடுவே "உனக்கு மூட் சரியில்ல" என்று ஒருவரிடம் சொல்வது, அவர் சொல்வதைக் கேட்க மாட்டேன் என்று சொல்வதற்குச் சமம். என் கணவரிடமும் இதைச் சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்னொரு நிலைமை, தூங்கினாலும் சாப்பிட்டாலும் ஊருக்குப் போய் வந்தாலும் அசையாத மூட். நாளின் பெரும்பகுதி, கிட்டத்தட்ட எல்லா நாளும், இரண்டு வாரமோ அதற்கு மேலோ மனசு இறங்கியே இருக்கிறது, முன்பு பிடித்தது எதுவும் பிடிக்கவில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன என்றால் நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். மனச்சோர்வு நோயைக் கண்டறிய மருத்துவர்கள் வைத்திருக்கும் கால அளவும் அந்த இரண்டு வாரம்தான். நம் பக்கத்து ஆட்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் பேச வேண்டுமென்றால் அரசின் டெலி மனஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், அன்றைக்கே.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். தம்பி அவனிடம் பேசுவதாக முடிவு செய்ததும் நாளைத்தான் முதலில் தேர்ந்தெடுத்தோம். காலை ஷிஃப்ட் வாரம் முடிந்த ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. பேச வேண்டியதையும் இரண்டாகப் பிரித்துக்கொண்டான். முதலில் வலியைச் சொல்வது, அப்புறம் பணம். அண்ணனை கொருக்குப்பேட்டைக்கே வரச் சொன்னான். நான் கூட இருந்தேன், நடுவில் பேசவில்லை.

"அண்ணா, நீ போன் பண்ணா எனக்கு வயிறு இழுக்குது. ஏன்னு எனக்கே ரொம்ப நாள் தெரியல. நீ என்ன எப்படி இருக்கேன்னு கேக்குறது இல்ல" என்று ஆரம்பித்தான். அண்ணன் முதலில், "நைட் ஷிஃப்ட் பாத்து டென்ஷன்ல பேசுறியா?" என்றான். தம்பி நோட்டைப் பிரித்து அவன் முன்னால் வைத்தான். தூங்கிய நேரம், ஷிஃப்ட், "அண்ணன் போன்", கீழே "இருக்கு". அண்ணன் பக்கம் பக்கமாகப் புரட்டினான். அம்பத்தூரில் வீட்டுக் கடன் ஏறிவிட்டதையும், தர முடியாத வெட்கத்தில்தான் அந்தப் பேச்சையே எடுக்காமல் இருந்ததையும் அதற்குப் பிறகுதான் சொன்னான். வெட்கம் அவன் பக்கத்தில் பேசாமல் இருந்ததாக வெளிப்பட்டது, அது தம்பிக்கு மதிக்காததாகத் தெரிந்தது.

அம்மாவின் மாத்திரைச் செலவு முழுவதையும் அண்ணன் ஏற்றுக்கொண்டான், அது மாதா மாதம் வந்துகொண்டிருக்கிறது. போன் செய்தால் முதலில் தம்பியைத்தான் விசாரிக்கிறான். வாடகைப் பேச்சு இன்னும் முடியவில்லை. தம்பிக்கு அடுத்த காலை ஷிஃப்ட் வாரம் வரும்போது உட்கார்ந்து பேசுவதாக இருக்கிறார்கள்.